மணியின் குற்றமும் மணியின் சான்றும்: மலைநாட்டுப் பழைய நகைகளில் மாணிக்கமும் மரகதமும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியை விரித்துரைக்குமிடத்தில், மாணிக்கத்தின் சாதிகள் நான்கென வகுத்தும், மரகதத்துக்குரிய குற்றங்கள் இவையெனப் பெயரிட்டும் கூறுகின்றது. மணியினுள்ளே கோடு, கரும்புள்ளி, மங்கல், மேகம் போன்ற படலம் ஆகியன காணப்படின் அம்மணி விலை குறைந்தது என்பதே பண்டை மணிநூலோர் கொள்கை. குற்றமற்ற மணியே சிறந்ததென்பது இன்றும் மாறாத உண்மைதான். ஆயினும் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் மணித்தேர்வின் நோக்கிலே ஒரு பெருமாற்றம் நேர்ந்துள்ளது. முன்னோர் எதனைக் குற்றமெனக் கொண்டனரோ, அதுவே இன்று அம்மணி நிலத்தினுள் விளைந்தது என்பதற்குச் சான்றாகின்றது. மாசு மறுவற்றுத் தீயெனச் சிவந்து விளங்கும் கல்லைக் கண்டவுடன் தேர்வாளனுக்கு மகிழ்ச்சி பிறப்பதில்லை, ஐயமே பிறக்கின்றது.

இம்மாற்றத்தின் விளைவை நேரே நுகர்வோர், பழைய நகைகளை வைத்திருக்கும் எளிய குடும்பத்தார் ஆவர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹற்றன், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் இரு வேறு வகையான பழைய நகைகள் இருந்தன. ஒன்று லயங்களில் வாழ்ந்தோரும் கங்காணிமார் குடும்பத்தாரும் தமிழகத்திலிருந்து கொண்டுவந்தவை அல்லது அங்கிருந்து வந்த பத்தர்களிடம் செய்வித்தவை: தோடு, மூக்குத்தி, அட்டிகை, பதக்கம் என்பன. மற்றது பங்களாக்களில் வாழ்ந்த துரைமாரின் குடும்பங்கள் விட்டுச்சென்ற ஐரோப்பிய மோதிரங்களும் மார்பூசிகளும். முன்னதில் கல்லின் பின்புறம் பொன்னால் மூடப்பட்டிருக்கும். பின்னதில் கல் பொற்கால்களால் பற்றப்பட்டு, பின்புறம் திறந்திருக்கும். சோதனையின் வழி முழுவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைவதால், இதனை முதலிற் கூறுதல் இன்றியமையாததாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் தமிழகம் சென்ற குடும்பங்களும், இங்கேயே தங்கி மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ பணம் தேடிய குடும்பங்களும் இந்நகைகளை அடகு வைத்தன, விற்றன. விற்குமிடத்தில் பொன் மட்டுமே நிறுக்கப்படும். கல்லின் எடை கழிக்கப்படும். கழிக்கப்பட்ட கல் யாது என்று கேட்போர் அரியர். “கெம்பு” என்ற ஒரு சொல்லில் வழக்கு முடிந்துவிடும். கெம்பு என்பது பத்தர்களின் வழக்கில் உண்மையான மாணிக்கத்தையும், செயற்கை மாணிக்கத்தையும், சிவப்புக் கண்ணாடியையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாகிவிட்டது. இலங்கையிலோ குழப்பம் இன்னும் பெரிது. ஏனெனில், “மாணிக்கக்கல்” என்பது இந்நாட்டுத் தமிழில் நிலத்திலிருந்து எடுக்கப்படும் எல்லா மணிகளுக்கும் பொதுப்பெயராய் வழங்குகின்றது. நீலமும் மாணிக்கக்கல்லே, புட்பராகமும் மாணிக்கக்கல்லே. சொல் தெளிவற்றிருக்குமிடத்தில் விலையும் தெளிவற்றுப்போதல் இயல்பு.

மலைநாடு மணிகளுக்குப் புதியதன்று. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1855இல் வெளியான தம் நூலில், அச்சமவெளியில் முற்காலத்தார் மணி தேடி அகழ்ந்த குழிகள் இருந்தமையைக் குறிக்கின்றார். பொகவந்தலாவைப் பகுதியின் ஆற்றுப் படுகைகளில் மணி தேடுவோர் இன்றும் உளர். எனினும் இவ்வாற்று மணலில் கிடைப்பவற்றுள் மரகதம் இல்லை. இலங்கை மண் குருந்த இனத்து மணிகளைத் தரும். வணிகத்துக்குரிய மரகதத்தைத் தருவதில்லை. ஆகவே, மலைநாட்டு நகையொன்றில் உண்மை மரகதம் இருக்குமாயின், அது கடல் கடந்து வந்ததாதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு முதல் தென்னமெரிக்க மரகதம் கோவை வழியாகவும் பிற துறைகள் வழியாகவும் இந்தியாவுக்கு வந்தது. இங்கே கோவை என்றது போர்த்துக்கேயரின் கோவாவை. இராசத்தானத்து மரகதமோ 1943இன் பின்னரே வெட்டியெடுக்கப்பட்டது. “இது எங்கள் பாட்டியின் ஊரருகே கிடைத்த பச்சைக்கல்” என்று சொல்லப்படுமாயின், அக்கல் பச்சைத் துரமலியாகவோ பச்சைச் சிர்க்கோனாகவோ இருக்கலாம். மரகதமாக இருத்தல் அரிது. துரமலி என்னும் பெயரே சிங்கள மொழியினின்று ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதென்பர்.

செயற்கைக் கல்லை அறியவேண்டுமாயின், அது பிறக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மாணிக்கம் என்பது அலுமினிய ஒட்சைட்டின் பளிங்கு. அதனுட் கலந்த சிறிதளவு குரோமியமே செந்நிறத்தைத் தருவது. இப்பொருளினத்துக்கு மேனாட்டார் இட்ட பெயர் தமிழ்க் குருந்தம் என்ற சொல்லினின்று வந்ததென்பது அறிஞர் முடிபு. 1885ஐ ஒட்டி “செனீவா மாணிக்கம்” என்ற பெயரில் உருக்கிச் செய்த கற்கள் ஐரோப்பியச் சந்தையில் தோன்றின. பின்னர், பிரெஞ்சு வேதியியலறிஞர் ஒகுஸ்த் வெர்னேய் தம் முறையை 1902இல் வெளியிட்டார். மிக நுண்ணிய அலுமினாப் பொடியும் குரோமிய ஒட்சைட்டும் கலந்து, ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து எரியும் சுவாலையினூடே மேலிருந்து சிறிது சிறிதாகச் சிந்தப்படும். ஏறத்தாழ 2050 பாகை சதம வெப்பத்தில் உருகும் அப்பொடி, கீழேயுள்ள தாங்கியின் மேல் துளிதுளியாய் வீழ்ந்து உறையும். சில மணி நேரத்தில், கவிழ்த்த குப்பி போன்ற ஒரு செங்கட்டி வளர்ந்துவிடும். இதனைப் போலி என்று சொல்லுதல் முறையன்று. பொருளாலும் கடினத்தாலும் ஒளிமுறிவாலும் இது மாணிக்கமே. நிலத்தில் விளையாதது என்பதொன்றே வேறுபாடு. ஆதலின், கடினத்தைக் கீறிப் பார்த்தும், நிறுத்துப் பார்த்தும், ஒளிமுறிவை அளந்தும் இதனைப் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய உதவுவது அதன் வளர்ச்சியின் வடு. சுவாலையின் கீழ் வளரும் கட்டியின் தலை உருண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். அவ்வளைந்த தலையின் மேலேயே அடுத்தடுத்த படலங்கள் படிகின்றன. பொடி சீராக வீழாமையால் ஒரு படலத்தில் குரோமியம் சற்று மிகும், அடுத்ததிற் குறையும். இவ்வேறுபாடு கல்லினுள்ளே மிக நெருங்கிய வளைகோடுகளாய் நிலைத்துவிடும். இசைத்தட்டின் மேலுள்ள வரிகளை இதற்கு உவமை கூறுவர். நிலத்தில் விளையும் பளிங்கோ தட்டையான முகங்களின் மேல் வளர்வது. எனவே அதன் நிறப்பட்டைகள் நேர்கோடுகளாய் ஓடி, ஒன்றையொன்று 120 பாகைக் கோணத்தில் சந்திக்கும். வளைந்த கோடு சுவாலையின் வேலை. கோணமுற்ற நேர்கோடு நிலத்தின் வேலை. உருகிய பொருளில் அகப்பட்ட வளி, உருண்டையான அல்லது சற்று நீண்ட குமிழிகளாய் நிற்றலும் சுவாலைக் கல்லின் அடையாளமாகும்.

உண்மை மாணிக்கத்தினுள்ளே காணப்படும் உட்கிடைகள் வேறு. உரூத்தைல் என்னும் கனியத்தின் மெல்லிய ஊசிகள் மூன்று திசைகளில், 60 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொண்டு கிடக்கும். ஒளி படும்போது பட்டுத்துணியின் பளபளப்பைத் தருவதால் இவற்றைப் பட்டிழை என்பர். பர்மியக் கற்களில் இவை குறுகியும் அடர்ந்தும், இலங்கைக் கற்களில் நீண்டும் ஐதாயும் காணப்படும். ஆறிய முறிவுகளில் நீர்மத் துளிகள் வரிசையாய் நின்று, கைரேகையை ஒத்த தோற்றந் தரும். இலங்கைக் குருந்தங்களிற் சிறப்பாகக் காணப்படும் மற்றொன்று, சிறு சிர்க்கோன் மணியும் அதனைச் சூழ்ந்த ஒளிவட்டம் போன்ற வெடிப்பும் ஆகும். இவற்றுள் ஒன்று ஐயமின்றித் தெரிந்தாலே கல் நிலத்தில் விளைந்தது என்று துணியலாம். ஆனால் ஒன்றும் தெரியாமை செயற்கைக்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் குழப்புதலே இத்துறையிற் பயில்வோர் செய்யும் முதற்பிழை.

மரகதத்தின் வரலாறு சற்று வேறுபட்டது. அதனைச் சுவாலையில் உருக்கிச் செய்ய இயலாது. உருகுபாகில் கரைத்துப் பல மாதங்கள் மெல்ல வளர்ப்பதாலேயே செயற்கை மரகதம் உண்டாகும். கரோல் சாதம் என்ற அமெரிக்கர் 1930களில் இதில் வெற்றி கண்டார். 1960களில் பிரான்சிலும் பிற இடங்களிலும் வேறு செய்முறைகள் வந்தன. ஆகவே 1930களுக்கு முற்பட்ட நகையில், பிற்காலத்தில் மாற்றப்படாத பச்சைக்கல் இருக்குமாயின், அது உண்மை மரகதமாகவோ, வேறொரு பச்சை மணியாகவோ, கண்ணாடியாகவோ, ஒட்டுக்கல்லாகவோ மட்டுமே இருக்கமுடியும். உருண்டைக் குமிழியும் பாகு சுழன்றாற்போன்ற வரிகளும் பச்சைக்கல்லில் தோன்றினால், அது கண்ணாடி எனக் கொள்ளலாம். உண்மை மரகதத்திலும் குமிழி உண்டு. ஆயின் அது தனித்து நில்லாது. பளிங்கினுள்ளேயுள்ள நீர்மப் பொந்தொன்றில் அடங்கி நிற்கும். தென்னமெரிக்க மரகதத்தில் அப்பொந்தினுள் சதுரமான உப்புப் பளிங்கும் உடன் இருக்கும். குமிழியைக் கண்டவுடன் தீர்ப்பளியாது, அக்குமிழி எதனுள் இருக்கின்றது என்று நோக்குதலே தேர்வாளன் கடமை.

இனி, வெடிப்பை நிரப்பும் வழக்கம். மரகதத்துக்கு எண்ணெயூட்டுதல் பண்டைக் காலந்தொட்டு நடந்துவருவது. வெடிப்பினுட் புகுந்த எண்ணெய் காற்றைவிட மரகதத்தை ஒத்த ஒளிமுறிவு உடையதாதலின் வெடிப்பு கண்ணுக்கு மறையும். சில இடங்களிற் பச்சைச் சாயம் கலந்த எண்ணெயும் பயன்பட்டது. ஆனால் எண்ணெய் நிலையானதன்று. ஐம்பது, அறுபது ஆண்டுகள் பெட்டியிற் கிடந்த தோட்டில் அது உலர்ந்து, வெடிப்புகள் வெண்ணிறமாகவோ பழுப்பாகவோ தோன்றத்தொடங்கும். “பாட்டி அணிந்தபோது தெளிவாயிருந்தது, இன்று கல் உடைந்துபோயிற்று” என வீட்டார் வருந்துவர். கல் உடையவில்லை, எண்ணெய் போயிற்று. கண்ணாடிக்கு இவ்வாறான முதுமை வருவதில்லை என்பதால், இம்மாற்றமே ஒருவகையில் கல்லின் பெருமையைச் சொல்வதாகும்.

மாணிக்கத்துக்குக் கண்ணாடி நிரப்பும் வழக்கமோ அண்மைக் காலத்தது. கல்லின் மேற்பரப்புக் குழிகளைக் கண்ணாடியால் மூடுதல் 1980களில் தாய்லாந்துக் கற்களிற் காணப்பட்டது. 2004ஐ ஒட்டி இதனினும் பெரியதொன்று சந்தைக்கு வந்தது. மடகாசுக்கரின் அந்திலமேனாப் பகுதியில் எடுக்கப்பட்ட, வெடிப்பு மலிந்து பயனற்றுக் கிடந்த செங்குருந்தத்தை அமிலத்தாற் கழுவி, ஈயம் மிகுந்த கண்ணாடிப் பொடியுடன் சூடேற்றினர். உருகிய ஈயக்கண்ணாடி எல்லா வெடிப்பிலும் பரவியது. அக்கண்ணாடியின் ஒளிமுறிவு மாணிக்கத்தின் முறிவை மிக நெருங்கியதாகையால், ஒளி புகாத கட்டி ஒளிவிடும் செம்மணியாயிற்று. இத்தகைய கல் முழுவதும் செயற்கையும் அன்று. முழுவதும் இயற்கையும் அன்று. இதனுள்ளே பட்டிழை தெரியலாம். எனவே “இயற்கையானது” என்று சொல்பவர் பொய் சொல்பவரும் அல்லர். ஆயினும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

அதனை அறியும் வழி கடினமன்று. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின்கீழ்க் கல்லை மெல்லச் சாய்த்துச் சாய்த்து நோக்கின், வெடிப்பின் தளத்திலிருந்து நீலம் அல்லது ஊதா நிறப் பொறி மின்னி மறையும். வெடிப்பின் தளத்தில் தட்டையாக நசுங்கிய குமிழிகளும் தெரியும். விளக்கைக் கல்லின் மேல்முகத்தில் பட்டுத் திரும்புமாறு பிடித்தால், மாணிக்கப் பரப்பு ஒருவிதமாயும், வெடிப்பு மேல்முகத்தை அடையுமிடம் மங்கலாயும் ஒளிரும். ஈயக்கண்ணாடி மென்மையானது, ஆகவே மெருகு அங்கே குன்றும். பத்தரின் ஊதுகுழற் சூட்டில் அது கெடும். புளியும் எலுமிச்சம்பழச் சாறும் இட்டுக் கழுவுவதும் அதனை அரித்துவிடும். பழைய நகையைப் புளியிட்டுத் துலக்குதல் நம் வீடுகளின் வழக்கமாதலின் இதனை எடுத்துரைக்கவேண்டியுள்ளது.

மேற்கூறியவற்றை ஒரு சோடித் தோட்டின்மேல் வைத்துப் பார்த்தல் விளக்கத்துக்கு உதவும். ஹற்றனைச் சார்ந்த தோட்டக் குடும்பமொன்றில், மூன்று தலைமுறையாய்ப் பேணப்பட்ட தோடு எனக் கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு பச்சைக்கல். அதனைச் சுற்றி ஏழு செங்கற்கள். பின்புறம் பொன்னால் மூடியது. கல்லின்கீழ் அரக்கு நிரப்பி, அதன்மேல் நிறமூட்டிய மெல்லிய தகடு வைத்து, பொன்விளிம்பை அமுக்கிக் கல் பதிக்கப்பட்டிருக்கும். தகடு வைத்தது ஏமாற்றுதற்கன்று. இளஞ்சிவப்பான கல்லுக்கும் ஆழ்ந்த நிறந் தருதல் பழந்தொழிலின் முறை. ஆனால் தேர்வாளனுக்கு அது பெருந்தடை. பின்னிருந்து ஒளி செலுத்த இயலாது. கல்லின் நிறம் கல்லுடையதா தகட்டுடையதா என்பது தெரியாது. தகட்டுடன் ஒட்டிய பசையிலுள்ள குமிழி, கல்லினுள்ளே இருப்பதுபோலத் தோன்றும்.

முதலிற் செய்யத்தகாதது, தோட்டை நீரில் இடுதல். விளிம்பினூடே நீர் புகுந்தால் தகடு கறுத்துவிடும். பின்னர் நல்ல கல்லும் செத்த கல்லாய்த் தோன்றும். உலர்ந்த மென்றூரிகையால் தூசி நீக்கினால் போதும். அடுத்து, கல்லைப் பாராது பதிப்பைப் பார்த்தல் வேண்டும். பெருக்குக் கண்ணாடியின்கீழ், ஒரு தோட்டில் ஐந்து செங்கற்களின் பொன்விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாயும், இரண்டின் விளிம்பு கருவியின் தடம் மாறாது கூர்மையாயும் இருக்கின்றன எனக் கொள்க. அவ்விரண்டும் பிற்காலத்திற் பதித்தவை. ஐந்து கற்கள் பட்டை சீரற்று, ஒன்றுபோல் ஒன்றில்லாது, குவிந்து வெட்டப்பட்டிருக்கும். இரண்டோ அளவொத்துக் கூரிய பட்டைகளுடன் விளங்கும். கல்லின் கதை பாதி இங்கேயே தெரிந்துவிட்டது.

பின்னர் மூச்சு ஊதிப் பார்த்தல். குருந்தம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் அதன்மேற் படியும் மூச்சின் ஈரம் விரைவில் மறையும். கண்ணாடியின்மேல் தங்கி நிற்கும். ஆனால் நுவரெலியாவின் குளிர்காலைப் பொழுதில் எக்கல்லின்மேலும் ஈரம் நெடிது நிற்கும். எனவே அறிந்த கண்ணாடித் துண்டொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாது இச்சோதனையை நம்புதல் கூடாது. நம் தோட்டில் ஏழு செங்கற்களும் விரைவில் தெளிந்தன. அவை கண்ணாடியல்ல எனக் கருத இடமுண்டு. இச்சோதனை சுவாலைக் கல்லைக் காட்டிக்கொடாது என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இனிப் பெருக்குக் கண்ணாடி கல்லினுள்ளே செல்கின்றது. மேகமற்ற பகலொளி பக்கவாட்டில் விழுமாறு தோட்டைப் பிடித்து, ஒவ்வொரு கல்லையும் பல திசைகளிற் சாய்த்து நோக்குதல் வேண்டும். தேய்ந்த விளிம்புடைய ஐந்தில் நான்கில் பட்டிழையும் கைரேகை போன்ற முறிவும் தெரிகின்றன. அவை நிலத்துக் கற்கள். ஐந்தாவதில் எதுவும் தெரியவில்லை. அதனைப் பற்றி முடிபு கூறாது விடுதலே நேர்மை. அது செந்நிறச் சுபினெல் என்னும் வேறு மணியாகவும் இருக்கலாம். இலங்கை மணலில் அது மிகுதி. பிரித்தானிய முடியிலுள்ள “கறுப்பு இளவரசனின் மாணிக்கம்” உண்மையிற் சுபினெல்லே என்பது, இம்மயக்கம் அரசர்க்கும் நேர்ந்ததைக் காட்டும்.

புதுவிளிம்புடைய இரண்டில் ஒன்று தெளிந்த சிவப்பு. அதனுள் இரு சிறு உருண்டைக் குமிழிகள். இவை பசையிலுள்ளனவோ என ஐயுற்று, மேற்பரப்பின் கீறலொன்றைக் குறியாகக் கொண்டு தோட்டைச் சாய்க்கவேண்டும். அடித்தளத்துக் குமிழி அடியிலேயே ஒட்டி நகரும்; கல்லின் நடுவிலுள்ளது கீறலுக்கும் அடித்தளத்துக்கும் இடையே வேறு வேகத்தில் நகரும். இங்கே அவை நடுவில் உள்ளன. மேலும் சாய்க்கையில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய வளைகோடுகள் ஒருகணம் தோன்றி மறைகின்றன. செங்கற்களில் இக்கோடுகள் எளிதிற் பிடிபடா. ஒரு கல்லுக்குப் பத்து நிமிடம் செலவிடுதல் மிகையன்று. இது சுவாலைக் கல்; ஆகவே இருபதாம் நூற்றாண்டில் உதிர்ந்த கல்லுக்கு ஈடாகப் பதிக்கப்பட்டது. பதித்த பத்தரே அறியாமலும் இருந்திருக்கலாம். ஏனெனில் அக்காலத்தில் இக்கல் நாடெங்கும் தாராளமாய் விற்பனையாயிற்று. மற்றொன்றில், வெடிப்பின் வழியே நீலப்பொறியும் நசுங்கிய குமிழியும் தெரிகின்றன. அது ஈயக்கண்ணாடி நிரப்பிய கல். ஆதலின் 2004ஐ ஒட்டிய காலத்துக்கு முன் பதிக்கப்பட்டிருத்தல் அரிது. “பாட்டியின் தோடு” என்பது உண்மையாயினும், “பாட்டியின் கல்” என்பது அவ்விடத்துக்குப் பொருந்தாது. அண்மையில் யார் கையில் தோடு செப்பனிடப்பட்டது என்ற வினா இங்கே எழுகின்றது.

நடுவிலுள்ள பச்சைக்கல், ஒரு தோட்டில் வெண்வெடிப்புகள் மலிந்து சற்று அழகிழந்து தோன்றுகின்றது. மற்றதில் மிகத் தெளிவாய் விளங்குகின்றது. அறியாதவர் தெளிந்ததையே மரகதம் என்பர். பெருக்கி நோக்கின் தெளிந்ததில் சுழல்வரியும் உருண்டைக் குமிழியும் உள்ளன. பட்டைகளின் ஓரங்கள் தேய்ந்து மழுங்கியுள்ளன. மென்மையான கண்ணாடிக்கு இது இயல்பு. அழகிழந்த கல்லில் நீர்மப் பொந்துகளும் அவற்றினுள் அடங்கிய குமிழிகளும் இருக்கின்றன. வெடிப்போரத்தில் உலர்ந்த எண்ணெயின் பழுப்புக் கறை. அதுவே மரகதம். மரகதத்துக்கெனச் செல்சி வடிகட்டி என்ற கண்ணாடி 1934இல் இலண்டனில் வகுக்கப்பட்டது. அதனூடே நோக்கின் பல மரகதங்கள் சிவந்து தோன்றும். ஆயினும் இந்திய மரகதங்கள் பல சிவப்பதில்லை. செயற்கை மரகதமோ மிகச் சிவக்கும். தகட்டு நிறமும் இதனை மயக்கும். எனவே மூடிய நகையில் அவ்வடிகட்டியை மட்டும் நம்பி ஒரு சொல்லும் சொல்லலாகாது.

பங்களா நகைகளில் வேலை எளிது. பின்புறம் திறந்திருத்தலால் ஒளியைப் பின்னிருந்து செலுத்தலாம். ஆனால் 1920களின் மோதிரங்களில், வைரத்தின் இருமருங்கும் சிறு சதுரமாய் வெட்டி வரிசையாகப் பதித்த செங்கற்கள் பெரும்பாலும் சுவாலைக் கற்களே என்பதை நினைவில் வைத்தல் நலம். அவற்றுக்கு அக்காலத்தில் எவரும் வெட்கப்பட்டதில்லை. அளவொத்த சிறுகற்களைத் தேடிப்பெறுதல் அரிதாயிருந்தமையின் செயற்கைக் கல்லே விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. வைரம் உண்மையாயிருத்தல் பக்கத்துக் கல்லுக்குப் பிணையாகாது.

இச்சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. உருகுபாகில் வளர்த்த செயற்கை மாணிக்கமும் செயற்கை மரகதமும் வளைகோடோ உருண்டைக் குமிழியோ காட்டா. அவற்றினுள்ளே தோன்றும் மெல்லிய திரை போன்ற படலங்கள் இயற்கைக் கைரேகையை ஒத்திருந்து, பயின்ற கண்ணையும் மயக்கும். சுவாலைக் கல்லைச் சூடேற்றி நீரில் அமிழ்த்தி, வேண்டுமென்றே வெடிப்பு உண்டாக்குதலும் உண்டு. அவ்வெடிப்பைக் கண்டு இயற்கை என மயங்குவோர் பலர். ஆதலின் பெரிய விலை சார்ந்த கல்லை, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் கொழும்புச் சோதனைச்சாலை போன்ற இடத்துக்குக் கொண்டுசெல்லுதல் தகும். ஆனால் கல் மூடிய பதிப்பில் இருக்கும்வரை அங்கும் முழுவிடை கிடைத்தல் அரிது. கல்லைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் அரக்கும் தகடும் அழியும், வெடிப்புள்ள மரகதம் நொறுங்கவுங்கூடும். மேற்சொன்ன தோட்டில் நான்கு செங்கற்களையும் ஒரு மரகதத்தையும் பெயர்க்காமலேயே இயற்கைக் கற்களென அறிந்தாயிற்று. ஐயமுற்ற ஒரு செங்கல்லுக்காக முழுத்தோட்டையும் குலைப்பதா என்பது வீட்டார் முடிபு செய்யவேண்டியது. விற்க நேர்ந்தால், பொன்னை நிறுக்கு முன்னரே இவ்வைந்து கற்களையும் தனியே காட்டி விலை கேட்டல் வேண்டும்; நிறைக்கோல் தாழ்ந்தபின் கல்லைப் பற்றிப் பேசுவதற்கு இடமிராது.